மீட்டிங் முடிந்ததும் குரூப்பில் போடும் சம்மரி ஏன் வேலை செய்வதில்லை?

கேள்வி: ஒன்பது பேர் உள்ள டீமுக்கு நான் லீட். ஒவ்வொரு மீட்டிங் முடிந்ததும் என்ன முடிவானது என்று டீம் சாட்டில் சுருக்கமாகப் போட்டுவிடுகிறேன். எல்லாரும் கட்டைவிரல் போடுகிறார்கள். ஆனால் இரண்டு நாள் கழித்து யாராவது ஒருவர் "அப்படியா முடிவாச்சு? நான் வேற மாதிரி நினைச்சேன்" என்கிறார். நான் எழுதுவதில் என்ன குறை?

பதில்:

உங்கள் எழுத்தில் பெரிய குறை இருக்காது என்றே நினைக்கிறேன். அந்த வாக்கியம் எப்போது பிறக்கிறது என்பதில்தான் சிக்கல். மீட்டிங் முடிந்து எல்லாரும் எழுந்து போன பிறகு, நீங்கள் தனியாக உட்கார்ந்து, உங்கள் நினைவில் இருப்பதை வாக்கியமாக்குகிறீர்கள். அந்த வாக்கியத்தை மற்ற எட்டுப் பேரும் அதற்கு முன் கேட்டதே இல்லை. அவர்கள் ஒப்புக்கொண்டது பேச்சின் போக்குக்கு. அந்தப் போக்கு ஒவ்வொருவர் மனத்திலும் வேறு வேறு இடத்தில் போய் நின்றிருக்கும். அதன் பிறகு சாட்டில் போடப்படும் கட்டைவிரலுக்கு "பார்த்துவிட்டேன்" என்பதற்கு மேல் பொருள் கிடையாது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பழைய ரிப்போர்ட் பக்கத்தால். அப்போது நான் வேலை பார்த்த இடத்தில், எங்கள் மென்பொருளில் இரண்டு ரிப்போர்ட் பக்கங்கள் இருந்தன. பழையது ஒன்று, அதற்கு மாற்றாகச் செய்த புதியது ஒன்று. இரண்டிலும் எண்கள் கொஞ்சம் வேறுபடும். வாடிக்கையாளர்கள் எது சரி என்று கேட்டு சப்போர்ட்டை உலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, 11-ஆம் தேதி, நாற்பது நிமிடம் இதைப் பற்றிப் பேசினோம். கடைசியில் யாரோ "சரி, அப்போ பழைய ரிப்போர்ட்டை எடுத்துடலாம்" என்றார். எல்லாரும் தலையாட்டினோம். நான் குரூப்பில் எழுதியது இது:

> இன்றைய மீட்டிங்: பழைய ரிப்போர்ட் பற்றி விரிவாகப் பேசப்பட்டது. மாதக் கடைசிக்குள் அதை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்யப்பட்டது. வாடிக்கையாளர்களுக்கு டீம் தகவல் சொல்லும். எல்லாருக்கும் நன்றி.

ஏழு கட்டைவிரல்கள் விழுந்தன. 20-ஆம் தேதி வியாழன் ஃப்ரன்ட்எண்ட் டெவலப்பருக்குக் கொஞ்சம் நேரம் கிடைத்தது. அன்று இரவே அந்தப் பக்கத்தின் கோட் முழுவதையும் அழித்து வெளியிட்டுவிட்டார். வெள்ளி காலை சப்போர்ட்டுக்கு நான்கு வாடிக்கையாளர்களிடமிருந்து அழைப்பு வந்தது. தினமும் இரவு 2 மணிக்குத் தானாகப் போகும் ரிப்போர்ட் மெயில் அவர்களுக்கு வரவில்லை. அந்த மெயிலைத் தயாரிக்கும் இரவுவேலையும், அதாவது இரவில் தானாக ஓடும் புரோகிராமும், அதே கோடைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தது. இரவுவேலைகளைப் பார்த்துக்கொள்பவர் அந்தச் செவ்வாய் விடுப்பில் இருந்தார். சப்போர்ட் லீடோ, மெனுவில் இருக்கும் லிங்க்கைத்தான் எடுக்கப் போகிறோம், அதுவும் 31-ஆம் தேதி, வாடிக்கையாளர்களுக்கு 24-ஆம் தேதி திங்கள் எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தார். எல்லாவற்றையும் பழையபடி ஓட வைக்க ஒன்றரை நாள் ஆனது. விடுபட்ட மெயில்களைக் கையால் எடுத்து அனுப்பினோம்.

யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் கவனக்குறைவாகவும் இல்லை. ஒவ்வொருவரும் என் சம்மரியைப் படித்தார்கள், தங்கள் மனத்தில் ஏற்கெனவே இருந்ததையே அதில் பார்த்தார்கள். அப்படிப் பார்க்க இடம் கொடுத்தது என் வாக்கியங்கள்தான். அவற்றைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். உங்கள் சம்மரிகளிலும் இதே ஓட்டைகள் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

முதலில் "எடுத்துவிடலாம்". எதை எடுப்பது? லிங்க்கையா, பக்கத்தையா, கோடையா, தரவையா? "ரிப்போர்ட்" என்ற ஒரே சொல்லுக்கு எங்கள் டீமில் ஆளுக்கு ஒரு பொருள் இருந்தது. டெவலப்பருக்கு அது ஒரு ஃபோல்டர், சப்போர்ட்டுக்கு மெனுவில் ஒரு வரி, விடுப்பில் இருந்தவருக்கு இரவு 2 மணிக்கு ஓடும் வேலை. அதோடு அந்த "லாம்" விகுதி. நம் பேச்சில் அது பெரிய வசதி. "போகலாம்" என்றால் போவோமா என்று அழைப்பதாகவும் கொள்ளலாம், போக அனுமதி என்றும் கொள்ளலாம், போனாலும் போகக்கூடும் என்றும் கொள்ளலாம். நேரில் பேசும்போது குரலும் முகமும் எது என்று காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தில் மூன்றும் ஒன்றாகவே தெரியும். "எடுத்துவிடலாம் என்று முடிவு" என்பதை டெவலப்பர் அனுமதியாக எடுத்துக்கொண்டார், சப்போர்ட் லீட் திட்டமாக எடுத்துக்கொண்டார். இன்றுவரை நான் சம்மரியில் "லாம்" போடுவதில்லை. "மறைக்கிறோம்", "அனுப்புகிறார்", "நிறுத்துகிறோம்" என்றுதான் எழுதுகிறேன். அப்படி எழுதக் கை வரவில்லை என்றால், அது இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது "டீம் தகவல் சொல்லும்". இது "நாம பார்த்துக்கலாம்" என்பதன் எழுத்து வடிவம். கவனித்துப் பாருங்கள்: மீட்டிங்கில் "நாங்க பார்த்துக்கிறோம்" என்று யாராவது சொன்னால் வேலை பாதி முடிந்த மாதிரி, ஏனென்றால் அந்த "நாங்க" கேட்பவரை விலக்கிவிடுகிறது. இன்னாருடைய வேலை என்று தெரிந்துவிடும். "நாம பார்த்துக்கலாம்" என்றால் எல்லாரும் அதில் அடக்கம், ஆகவே யாருக்கும் பொறுப்பில்லை. சம்மரியில் "டீம்", "நாம்", "செய்யப்படும்" என்ற மூன்றில் எது வந்தாலும் அங்கே ஒரு பெயர் காணாமல் போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது "மாதக் கடைசிக்குள்". இதில் "கடைசி" என்பதைச் சப்போர்ட் லீட் பிடித்துக்கொண்டார், "உள்" என்பதை டெவலப்பர் பிடித்துக்கொண்டார். இருவருமே சரி. "அடுத்த வெள்ளி" என்பதும் இதே ரகம். செவ்வாயன்று சொன்னால், மூன்று நாளில் வரும் வெள்ளியா, அதற்கு அடுத்ததா என்று பாதிப் பேர் ஒரு பக்கம், பாதிப் பேர் மறுபக்கம் நிற்பார்கள். கிழமையையும் தேதியையும் சேர்த்தே எழுதுங்கள். இரண்டும் பொருந்தாமல் போனால் யாராவது கேட்டுவிடுவார்கள். அது உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் சரிபார்ப்பு.

இனி இதை எப்படிச் செய்வது. மீட்டிங் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பேச்சை நிறுத்துங்கள். திரையைப் பகிர்ந்து, எல்லார் கண்முன்னாலும் முடிவை ஒரு வாக்கியமாகத் தட்டச்சு செய்யுங்கள். அதைச் சத்தமாகப் படியுங்கள். படித்துவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருங்கள். அந்த மௌனம் முக்கியம், அதில்தான் "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று யாராவது ஆரம்பிப்பார்.

இது நான் கண்டுபிடித்த தந்திரம் இல்லை. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் குழுக்களில் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம். அவர்கள் போனில் பேசிக்கொண்டே கூடவே ஒரு சாட் அறையையும் திறந்து வைத்திருப்பார்கள். ஒருவர் குறிப்பெழுதுவார். ஒரு விஷயம் முடிவுக்கு வருகிறது என்றால், முதலில் சாட்டில் `PROPOSED:` என்று தொடங்கி முன்மொழியப்படும் முடிவின் சரியான சொற்கள் எழுதப்படும். எல்லாரும் அந்தச் சொற்களைப் படித்து, ஆட்சேபம் இருந்தால் அங்கேயே சொல்வார்கள். அதன் பிறகுதான் `RESOLVED:` என்ற வரி விழும். பேச்சின் போக்குக்கு அல்ல, எழுதிய சொற்களுக்கே ஒப்புதல் வாங்குகிறார்கள். சம்மரி என்பது அங்கே மீட்டிங்குக்குப் பின் செய்யும் வேலையே அல்ல. மீட்டிங்குக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, பிறகு இருப்பது ஒட்டும் வேலை மட்டும்.

அன்று நான் இதைச் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். "28-ஆம் தேதி பழைய ரிப்போர்ட்டை எடுக்கிறோம்" என்று திரையில் தட்டியிருப்பேன். டெவலப்பர் "எடுக்கறதுன்னா டெலீட்தானே?" என்று கேட்டிருப்பார். சப்போர்ட் லீட் "டெலீட்டா? மெனுல இருந்து எடுக்கறதுதான் பேசினோம்!" என்றிருப்பார். "அப்போ நைட் மெயில்?" என்று ஒருவருக்கு நினைவு வந்திருக்கும். இரண்டு நிமிட வேலை. நாற்பது நிமிடம் பேசியும் வெளியே வராத விஷயம், ஒரு வாக்கியத்தைத் திரையில் போட்டதும் வந்துவிடும். பேசும்போது நாம் அடுத்தவர் கருத்தைக் கேட்கிறோம். எழுதியதைப் பார்க்கும்போதுதான், நாளைக்கு நம் தலையில் என்ன விழப் போகிறது என்று பார்க்கிறோம்.

அந்த மீட்டிங்குக்கு நான் போட்டிருக்க வேண்டிய செய்தி இப்படி இருந்திருக்கும். இங்கே பெயர்களுக்குப் பதில் பொறுப்பைப் போட்டிருக்கிறேன், நீங்கள் ஆளின் பெயரையே போடுங்கள்.

> முடிவு: வெள்ளி 28 மாலை 6 மணிக்கு, பழைய ரிப்போர்ட்டுக்கான மெனு லிங்க்கை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் மறைக்கிறோம்.
>
> மாறாதது: அந்தப் பக்கத்தின் கோட், இரவு 2 மணி ரிப்போர்ட் மெயில். இரண்டையும் தொடவில்லை.
>
> யார், எப்போது: லிங்க்கை மறைப்பவர் ஃப்ரன்ட்எண்ட் டெவலப்பர், வெள்ளி 28. வாடிக்கையாளர்களுக்கு மெயில் அனுப்புபவர் சப்போர்ட் லீட், வெள்ளி 14-க்குள்.
>
> முடிவாகாதது: கோட் எப்போது அழிக்கப்படும். செவ்வாய் 18 பேசுகிறோம், அதுவரை யாரும் அழிக்க வேண்டாம்.
>
> காரணம்: இரண்டு பக்கங்களிலும் எண்கள் வேறுபடுவதால் வரும் புகார்கள்.
>
> திருத்தம் இருந்தால் புதன் 12 மதியம் 1 மணிக்குள் இந்த த்ரெட்டில் சொல்லுங்கள்.

இதில் முதல் வரியிலேயே முடிவு இருக்கிறது என்பதைப் பாருங்கள். போனில் அறிவிப்பாக மேலே வந்து எட்டிப் பார்ப்பது முதல் ஒன்றிரண்டு வரிகள்தான். நிறையப் பேர் அதோடு நிறுத்திவிடுவார்கள். என் பழைய சம்மரியில் அந்த இடத்தை "விரிவாகப் பேசப்பட்டது" என்பது பிடித்துக்கொண்டிருந்தது. மீட்டிங்கில் பேசுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

"மாறாதது" என்ற வரியைப் பலர் எழுதுவதில்லை. என் அனுபவத்தில் அதிகம் காப்பாற்றியது இந்த வரிதான். ஒரு முடிவை யாராவது தவறாகப் புரிந்துகொண்டால், பெரும்பாலும் அதை அகலமாகப் புரிந்துகொள்வார்கள். லிங்க்கை எடு என்றால் பக்கத்தையே எடுப்பார்கள், ஒரு வாடிக்கையாளருக்கு என்றால் எல்லாருக்கும் செய்வார்கள். எல்லை எது என்று சொல்ல ஒரே வழி, எல்லைக்கு வெளியே இருப்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது. எதையெல்லாம் எழுதுவது என்று திகைக்க வேண்டாம். இந்த முடிவைக் கொஞ்சம் ஆர்வக்கோளாறான ஒருவர் கையில் கொடுத்தால் கூடுதலாக எதைச் செய்துவிடுவார் என்று யோசியுங்கள். அந்த ஒன்றிரண்டை எழுதினால் போதும்.

"முடிவாகாதது" என்பதற்கும் அதே மதிப்பு. மீட்டிங்கில் அரைகுறையாகப் பேசி விட்டது எதுவோ, அதைத்தான் யாராவது ஒருவர் முடிவு என்று எடுத்துக்கொண்டு போவார். அதை எழுதும்போது எப்போது மறுபடி பேசுவோம் என்பதையும் அதுவரை என்ன நிலை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெறுமனே "இன்னும் முடிவாகவில்லை" என்றால், அவசரம் உள்ளவர் தானே முடிவெடுத்துக்கொள்வார்.

காரணம் ஒரு வரிக்கு மேல் வேண்டாம். யார் என்ன சொன்னார், யார் முதலில் எதிர்த்தார், யார் பின்னால் ஒப்புக்கொண்டார் என்பதெல்லாம் சம்மரியில் ஏறினால் விவாதம் சாட்டில் மறுபடி தொடங்கிவிடும். அது மட்டும் இல்லை, மீட்டிங்கில் தோற்ற கருத்துக்காரர் தன் பெயரைக் குரூப்பில் பார்த்தால், அடுத்த மீட்டிங்கில் வாயைத் திறக்க மாட்டார். ஒருவர் தன் எதிர்ப்பு பதிவாக வேண்டும் என்று தானே கேட்டால் மட்டும் எழுதுங்கள், அதுவும் அவருடைய சொற்களில். ஆனாலும் காரணத்தை அடியோடு விட்டுவிடாதீர்கள். சூழ்நிலை மாறும்போது முடிவை மறுபடி எடுக்கலாமா என்று பார்க்க அந்த ஒரு வரிதான் உதவும். புகார்கள் நின்றுவிட்டால் லிங்க்கை மறைக்கும் அவசரமும் இல்லை அல்லவா.

நீளம் என்று பார்த்தால், மேலே இருப்பது போன் திரையில் ஒரு முழுத் திரைக்குள் ஏறக்குறைய அடங்கும். அதைத் தாண்டினால் "மேலும் படிக்க" என்று மடிந்துவிடும். மடிந்த பகுதியை இல்லாததாகவே கணக்கு வையுங்கள். மூன்று முடிவுகள் எடுத்திருந்தால் மூன்று தனிச் செய்திகளாகப் போடுங்கள். ஒன்றில் கேள்வி எழுந்தால் அதன் த்ரெட்டில் அது மட்டும் பேசப்படும், மற்ற இரண்டும் குழம்பாது. ஐந்தாறு முடிவுகள் என்றால்? அப்படி ஒரு மீட்டிங்கை நான் பார்த்ததில்லை. ஐந்தாறு முடிவு எடுத்ததாக நினைத்துக்கொண்ட மீட்டிங்குகளைப் பார்த்திருக்கிறேன்.

வராதவர்கள் விஷயத்துக்கு வருவோம். எங்கள் கதையில் உண்மையில் அடி வாங்கியது, அறையில் இல்லாதவருடைய வேலை. இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. அவர்களுடைய பணிக்குழுக்களின் நடைமுறையைச் சொல்லும் ஆவணமான ஆர்எஃப்சி 2418, 1998-இல் வந்தது. மின்னஞ்சல் குழுவில் பேசப்படாத ஒரு விஷயத்தில் நேரடிக் கூட்டத்தில் முடிவு எட்டப்பட்டால், அதை மின்னஞ்சல் குழுவில் மறுபடி வைத்துப் பரிசீலித்தே ஆக வேண்டும் என்கிறது. கூட்டத்துக்கு வர முடிந்தவர்கள் என்பதாலேயே முடிவு அவர்களுடையது ஆகிவிடாது என்பதுதான் அதன் உள்ளே இருக்கும் எண்ணம். ஒன்பது பேர் டீமுக்கு அத்தனை சம்பிரதாயம் தேவையில்லை. ஆனால் அந்தச் "திருத்தம் இருந்தால் புதன் 1 மணிக்குள்" என்ற வரி அதன் சின்ன வடிவம்தான்.

அந்தக் கெடுவோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வராதவர்களில் யாருடைய வேலையை இந்த முடிவு தொடுகிறதோ, அவரைப் பெயர் சொல்லி அழைத்து, ஆம் இல்லை என்று பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி கேளுங்கள். "பார்த்துச் சொல்லுங்க" என்றால் கட்டைவிரல்தான் வரும். "லிங்க்கை மறைச்சா நைட் மெயில் ஏதாவது நிக்குமா?" என்று கேட்டால் அவர் யோசித்தாக வேண்டும். ஸ்லாக் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இன்னொன்று: `@here` என்று போட்டால் அந்த நேரத்தில் இணைப்பில் இருப்பவர்களுக்கு மட்டுமே அறிவிப்பு போகும். விடுப்பில் இருப்பவர், ஷிஃப்ட் முடிந்து போனவர், அதாவது உங்களுக்கு மிகவும் தேவையானவர்கள், அதில் விடுபட்டுவிடுவார்கள். `@channel` எல்லாருக்கும் போகும், ஆனால் தினமும் அதை அடித்தால் ஆட்கள் அறிவிப்பையே நிறுத்தி வைத்துவிடுவார்கள். ஆகவே பெயர் சொல்லி அழைப்பதே மேல்.

பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா? திரும்பப் பெறக்கூடிய முடிவு என்றால் எடுத்துக்கொள்ளலாம். லிங்க்கை மறைப்பது அப்படிப்பட்டது, தவறென்றால் ஐந்து நிமிடத்தில் திரும்பக் காட்டிவிடலாம். கோடை அழிப்பது, வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்புவது, விலையை அறிவிப்பது போன்றவற்றில் மௌனத்தை நம்பக் கூடாது. அங்கே சம்பந்தப்பட்ட இரண்டு பேரிடமிருந்து எழுத்தில் "சரி" என்று வரும் வரை காத்திருங்கள். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் எல்லா முடிவுக்கும் எல்லாரிடமும் பதில் கேட்டால் ஒரு வாரத்தில் டீம் களைத்துவிடும், பிறகு எதற்கும் பதில் வராது.

எப்போது போடுவது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். மீட்டிங்குக்குள்ளேயே எழுதிவிட்டதால் முடிந்த பத்து நிமிடத்தில் போட்டுவிட முடியும். மாலையில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் இரண்டு பேர் வேலையைத் தொடங்கியிருப்பார்கள். தொடங்கிய வேலையை நிறுத்தச் சொல்லும் செய்தியை யாரும் திறந்த மனத்தோடு படிப்பதில்லை.

போட்ட பிறகு ஒரு தவறு கண்ணில் பட்டால் என்ன செய்வது? இங்கேதான் நல்ல லீடுகளும் சறுக்குகிறார்கள். செய்தியைத் திறந்து சத்தமில்லாமல் திருத்திவிடுவார்கள். திருத்தம் என்பது புதிய செய்தியாகப் போய்ச் சேராது. காலையில் 28 என்று படித்தவர், நீங்கள் அதை 21 ஆக்கிய பிறகும் 28 என்றே நம்பிக்கொண்டிருப்பார். பிறகு சண்டை வந்து மேலே போய்ப் பார்த்தால் 21 என்று இருக்கும். தன் கண்ணையே சந்தேகப்படுவார், அல்லது உங்களைச் சந்தேகப்படுவார். எழுத்துப்பிழை என்றால் திருத்திக்கொள்ளுங்கள். தேதி, பெயர், எல்லை ஆகியவற்றில் ஒன்று மாறினால் புதிய செய்தியாகப் போடுங்கள்: "மாற்றம்: லிங்க் மறைப்பது 28-க்குப் பதில் வெள்ளி 21. காரணம் இன்னது. பழைய செய்தி இதோ" என்று லிங்க்கோடு. பழையதன் தலையில் "இது மாறிவிட்டது, கீழே பார்க்கவும்" என்று மட்டும் சேருங்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு இந்தச் சபலமே அதிக நேரம் இருக்காது, அனுப்பி 15 நிமிடம் ஆனதும் திருத்த விடாது.

சாட் என்பது அறிவிக்கும் இடம், சேமிக்கும் இடம் அல்ல என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் செய்தியைச் சாட்டின் மேலே பின் செய்து வைத்தால் 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தைய செய்திகளைப் பார்க்க முடியாது. மூன்று மாதம் கழித்து "ஏன் இதை மறைத்தோம்?" என்று புதிதாகச் சேர்ந்தவர் கேட்கும்போது உங்களிடம் ஒன்றும் இருக்காது. அதற்காகப் பெரிய ஆவணம் எதுவும் வேண்டாம். டீமுக்குப் பொதுவான ஒரு பக்கத்தில் தேதி, முடிவு வாக்கியம், காரணம் என்று ஒரு வரி ஒட்டிவிடுங்கள், அவ்வளவுதான்.

உங்கள் சம்மரி வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். கட்டைவிரலை எண்ணுவதில்லை. மீட்டிங்குக்கு வராத ஒருவரிடம் மறுநாள் போய், "அந்த ரிப்போர்ட் விஷயத்துல உங்க பக்கம் என்ன வேலை இருக்கு?" என்று சாதாரணமாகக் கேட்பேன். சம்மரியைத் திறக்காமலே அவர் சரியாகச் சொன்னால் போதும். "ஏதோ எடுக்கப் போறாங்களாமே" என்றால் என் வாக்கியம் தோற்றுவிட்டது. இன்னொரு அடையாளம் த்ரெட்டில் தெரியும். நல்ல சம்மரியின் கீழே ஒன்றிரண்டு குறிப்பான கேள்விகள் வரும், "சோதனைக் கணக்குகளுக்கும் மறைக்கணுமா?" என்பது போல. ஒரு கேள்விகூட இல்லாமல் கட்டைவிரல்கள் மட்டும் வரிசையாக நிற்கும் த்ரெட்டைப் பார்த்தால் எனக்கு இப்போதும் கொஞ்சம் பயம்தான்.

சில மீட்டிங்குகளில் எதுவுமே முடிவாகியிருக்காது. கடைசி ஐந்து நிமிடத்தில் வாக்கியத்தைத் தட்டப் போனால் எழுத ஒன்றும் வராது. அப்போது சமாளித்து ஏதாவது எழுதத் தோன்றும், ஒரு மணி நேரம் எல்லாரையும் உட்கார வைத்தோமே என்று. எழுதாதீர்கள். "இன்று முடிவு இல்லை. பழைய நிலையே தொடர்கிறது. முடிவெடுக்க வாடிக்கையாளர் எண்ணிக்கை தேவை, சப்போர்ட் லீட் வியாழன் 13-க்குள் தருகிறார்" என்று போடுங்கள். "பழைய நிலையே தொடர்கிறது" என்பதும் ஒருவருக்குத் தேவையான தகவல்தான்.

இத்தனைக்குப் பிறகும் யாராவது "அப்படியா முடிவாச்சு?" என்று கேட்பார். அப்போது விளக்கம் எழுத உட்காராதீர்கள், பழைய சம்மரியின் லிங்க்கை மட்டும் அனுப்புங்கள். அதற்கு முன் நீங்கள் ஒரு தடவை அதை அவர் இடத்தில் இருந்து படித்துப் பாருங்கள். அவர் புரிந்துகொண்ட பொருளும் அந்த வாக்கியத்திலிருந்து வரக்கூடியதுதான் என்றால், "நான் எழுதியது தெளிவாக இல்லை" என்று குரூப்பிலேயே சொல்லிவிட்டு ஒரு "மாற்றம்" செய்தி போடுங்கள். எங்கள் டெவலப்பரிடம் நான் அன்று அதைச் சொல்லவில்லை. "சம்மரியில்தான் போட்டிருந்தேனே" என்றேன். அவர் என் செய்தியைத் திறந்து "எடுத்துவிடலாம்" என்ற சொல்லைக் காட்டினார்.